நாலு ஃபால் கணக்கு

வின்ச் வைத்து வேலை நடக்கிற எந்த இடத்திலும் ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் இருக்கும். இரண்டு ஃபால் போட்டால் எடை பாதி, நாலு ஃபால் போட்டால் கால். நாலு டன்னைத் தூக்க ஒரு டன் வின்ச் போதும். வேகம் மட்டும் நாலில் ஒன்றாகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை நானும் இப்படித்தான் கற்றேன். வின்ச்சும் ஹாய்ஸ்ட்டும் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டபின் புரிந்தது, இதில் வேகத்தைப் பற்றிய பாதி இம்மியும் பிசகாது. எடையைப் பற்றிய பாதி ஒருநாளும் முழுதாகப் பலிக்காது. இரண்டுக்கும் நடுவே விழுகிற இடைவெளியில்தான் மோட்டார் சூடாவதற்கும் ரோப் தேய்வதற்கும் காரணம் கிடக்கிறது.

வேகம் ஏன் பிசகாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ் பிளாக்கை நாலு ஃபால் தாங்குகிறது என்றால், சுமை ஒரு மீட்டர் ஏற அந்த நாலு ஃபாலும் தலைக்கு ஒரு மீட்டர் குறைய வேண்டும். குறைந்த நாலு மீட்டரும் டிரம்மில் போய்ச் சுற்றிக்கொள்ள வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. கப்பி துருப்பிடித்திருந்தாலும் சரி, எண்ணெயில் மிதந்தாலும் சரி, இந்த அளவு மாறாது. அதனால் ரோப்பின் வேகத்தை ஃபால் எண்ணிக்கையால் வகுத்தால் சுமையின் வேகம் கிடைத்துவிடும்.

எண்ணுவதில்தான் சிலர் தடுமாறுவார்கள். கீழ் பிளாக்கைப் பிடித்துத் தொங்கும் ரோப்களை மட்டும் எண்ண வேண்டும். வின்ச் தரையில் இருந்தால், மேல் பிளாக்கின் கடைசிக் கப்பியைத் தாண்டிக் கீழே இறங்கி வருகிற ரோப் ஒன்று இருக்கும். அது லீடு. கிணற்றுக் கப்பியைப் போல அது இழுக்கும் திசையைத்தான் மாற்றுகிறது, சுமையில் பங்கு எடுப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் ஐந்து ரோப் தெரியும், ஃபால் நாலுதான். ஆனால் மேலே இருக்கிற பீமுக்கு அந்த ஐந்தாவது ரோப்பும் சுமைதான். மூன்று டன் சரக்கைத் தூக்கும்போது பீமில் மூன்று டன்தான் இறங்குகிறது என்று நினைத்துக் குறுக்குச் சட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லீடு கீழ்நோக்கி இழுக்கிற ஒரு டன்னையும் அந்தச் சட்டம் சேர்த்துத் தாங்க வேண்டும்.

எடைக் கணக்கு ஏன் பலிக்காது என்பதற்கு, காங்கேயம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பார்த்த வேலையைச் சொல்வதுதான் நல்லது. நெல் காயவைக்கும் டிரையர் கோபுரத்தைப் பெட்டி பெட்டியாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். உயரம் 15 மீட்டர். ஒரு பெட்டி மூன்று டன். பிளாக், ஹூக், சிலிங் எல்லாம் சேர்த்தால் 3.2 டன். மேலே பீமில் ஒரு பிளாக், கீழே ஹூக்கோடு ஒரு பிளாக், நாலு ஃபால். மேலிருந்து லீடு இறங்கி, தரையில் கட்டியிருந்த ஸ்னாட்ச் பிளாக் வழியாகத் திரும்பி வின்ச்சுக்குப் போகிறது. மோட்டார் ஏழரை ஹெச்.பி., அதாவது 5.5 கிலோவாட்.

என்னைக் கூப்பிட்ட ஃபோர்மேன் சொன்ன புகாரே பாதி விடையைக் கொண்டிருந்தது. “கீழ இருந்து நல்லா ஏறுதுங்கண்ணா. மேல போய் உட்கார வைக்கற நேரத்துலதான் மக்கர் பண்ணுது. ரெண்டு தட்டு தட்டுனா ரிலே டிரிப் ஆயிருது.”

“ரிலே எத்தனைல வெச்சிருக்கீங்க தம்பி?”

“பதினொண்ணுல இருந்துச்சுங்க. நேத்து பதினாலுக்கு ஏத்தி வெச்சோம்.”

அதை உடனே 11 ஆம்பியருக்கே இறக்கச் சொன்னேன். அந்த மோட்டாரின் முழுச் சுமைக்கான கரன்ட் ஏறக்குறைய அவ்வளவுதான். டிரிப் ஆகிற ரிலே தன் வேலையைச் செய்கிறது. அதை ஏற்றி வைத்தால் அடுத்தபடியாக வைண்டிங்தான் சொல்லும்.

வோல்டேஜ் குறைவு என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் வோல்டேஜ் குறைவு கீழேயும் இருக்க வேண்டும், மேலேயும் இருக்க வேண்டும். சுமை அதே சுமை, ஃபால் அதே நாலு. உயரம் கூடினால் மட்டும் கஷ்டம் கூடுகிறது என்றால், உயரத்தோடு மாறுகிற ஏதோ ஒன்று இந்த அமைப்பில் இருக்கிறது. அது டிரம்தான்.

டிரம்மின் வெற்று விட்டம் 200 மில்லிமீட்டர், ரோப் 10 மில்லிமீட்டர். முதல் அடுக்கு சுற்றும்போது ரோப்பின் மையம் வரைக்கும் ஆரம் 105 மில்லிமீட்டர். அந்த அடுக்கு நிறைந்து அதன் மேல் இரண்டாவது அடுக்கு ஏறும்போது 115, மூன்றாவதில் 125. ரோப் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று அமர்வதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும்; வேலைக் கணக்குக்கு இது போதும். இரண்டு ஃபாலாக இருந்தால் 15 மீட்டர் தூக்க 30 மீட்டர் ரோப்தான் டிரம்முக்கு வரும். நாலு ஃபால் என்பதால் 60 மீட்டர் வருகிறது. அந்த டிரம்மின் முதல் அடுக்கில் 25 மீட்டர் சொச்சம்தான் கொள்ளும். தரையில் சுமை இருக்கும்போதே டிரம்மில் விட்டுவைக்க வேண்டிய ஐந்து சுற்றையும் சேர்த்தால், சுமை ஐந்தரை மீட்டர் ஏறியதும் இரண்டாவது அடுக்கு தொடங்குகிறது. பன்னிரண்டரை மீட்டரில் மூன்றாவது. கடைசி இரண்டரை மீட்டர் முழுக்க மூன்றாவது அடுக்கில்தான் நடக்கிறது.

மோட்டாருக்கு எடை தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் ரோப்பின் இழுவையை டிரம்மின் ஆரத்தால் பெருக்கி வருகிற முறுக்கு விசைதான். டார்க் என்று பட்டறையில் சொல்வது. ஆரம் 105-இலிருந்து 125-க்குப் போனால், இழுவை மாறாமலே டார்க் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. வேகமும் அதே அளவு கூடும்.

இதை நம்பிவிடாமல் அளந்து பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கோபுரத்தின் காலில் மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, போனில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு நின்றேன். கியர்பாக்ஸ் விகிதம் 40. மோட்டார் 1440 சுற்று சுற்றினால் டிரம் 36 சுற்று. முதல் அடுக்கில் ரோப்பின் வேகம் நிமிடத்துக்கு 23.7 மீட்டர் ஆக வேண்டும், சுமையின் வேகம் அதில் நாலில் ஒன்று, 5.9. அதாவது ஒரு மீட்டருக்குப் பத்து விநாடி. மூன்றாவது அடுக்கில் சுமையின் வேகம் 7.1 ஆகி மீட்டருக்கு எட்டரை விநாடி வர வேண்டும். கீழ்க் கோடுகளைப் பத்துப் பத்து விநாடியாகவே பெட்டி தாண்டியது. மேல் கோடுகளில் எட்டரை. வேகக் கணக்கு இப்படித்தான், சொன்ன சொல் தவறாது. இந்த அளவு ஒத்துவந்துவிட்டால் மூன்று விஷயம் உறுதியாகிறது: ஃபால் நாலுதான், கியர் விகிதம் பிளேட்டில் உள்ளதுதான், மோட்டார் முழு வேகத்தில்தான் சுற்றுகிறது. இனி இழுவையை மட்டும் பார்த்தால் போதும்.

ஐந்தில் ஒரு பங்கு டார்க் கூடினாலும் அந்த மோட்டார் தாங்கியிருக்க வேண்டும். அங்கேதான் எனக்கு உறுத்தியது. மோட்டாரின் டார்க் கணக்கு சுலபம்:

```
T = 9550 × P / n = 9550 × 5.5 / 1440 ≈ 36.5 N·m
```

3.2 டன்னில் நாலில் ஒன்று 800 கிலோ. அதை மூன்றாவது அடுக்கின் ஆரத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, கியர்பாக்ஸில் போகிற நூற்றுக்குப் பதினைந்தையும் சேர்த்தால் மோட்டார் தர வேண்டியது 29 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. 36.5 தரக்கூடிய மோட்டார் 29-க்கு ஏன் திணற வேண்டும்? கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் கீழே பத்தரை ஆம்பியர், நடுவில் 11-க்கு மேல், உச்சியில் 12-ஐத் தாண்டிப் போகிறது. இது 29-க்கான கரன்ட் இல்லை.

இப்போது கப்பிக்கு வருவோம். ரோப் ஒரு கப்பியைச் சுற்றிப் போகும்போது, இழுக்கிற பக்கத்தின் இழுவையும் சுமைப் பக்கத்தின் இழுவையும் சமமாக இருப்பதில்லை. பின்னில் உராய்வு உண்டு. விறைப்பான வயர் ரோப்பை வளைத்து நிமிர்த்துவதற்கும் கொஞ்சம் பலம் போகிறது. வயர் ரோப் கையேடுகளில் இதற்குப் பழகிய அளவுகள் உண்டு. ரோலர் பேரிங் போட்ட கப்பி என்றால் ஒவ்வொரு கப்பியையும் தாண்டும்போது இழுவை 1.04 மடங்கு ஆகும் என்று எடுத்துக்கொள்வார்கள். வெண்கலப் புஷ் என்றால் 1.09. ஒரு கப்பிக்கு நூற்றுக்கு ஒன்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அது வட்டிக்கு வட்டி போல ஏறுகிற கணக்கு. இங்கே ரோப்பின் முடிச்சு முனையிலிருந்து டிரம் வரைக்கும் ஐந்து கப்பி: ஃபால்களுக்கு இடையே மூன்று, லீடுக்கு மேலே ஒன்று, தரையில் ஸ்னாட்ச் பிளாக் ஒன்று.

சுமை ஏறும்போது நாலு ஃபாலும் நாலு விதமாகத்தான் இருக்கும். முடிச்சு முனையில் இருக்கிற ஃபால் எல்லாவற்றிலும் லேசு. அடுத்தது அதைவிட இறுக்கம், அதற்கடுத்தது இன்னும் இறுக்கம். நாலும் சேர்ந்து 3.2 டன்னைத் தாங்குகின்றன. பங்கு மட்டும் சமமில்லை. நாலாவது ஃபாலைத் தாண்டி இன்னும் இரண்டு கப்பி ஏறி இறங்கி டிரம்முக்குப் போகிற ரோப்பில்தான் இழுவை உச்சம். அதைத்தான் மோட்டார் இழுக்கிறது.

ஓடுகிற ரோப்பில் இழுவையை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்காது. நான் செய்வது வேறு. ரோப்பின் முடிச்சு முனை மேல் பீமில் அசையாமல் கட்டியிருக்கிறது அல்லவா, அங்கே கொக்கித் தராசு ஒன்றை இடையில் மாட்டிவிடுவேன். இரும்புக் கடைக்காரர்கள் கிரேனில் மாட்டி எடை போடுகிற டிஜிட்டல் தராசு. இரண்டு டன் அளவு காட்டினால் போதும், ரிமோட் காட்டி இருந்தால் மேலே ஆள் நிற்க வேண்டியதில்லை. ரோப் ஓடினாலும் அந்த முனை ஓடாது. சுமையை ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை, தொடக்கக் குலுக்கல் அடங்கி வேகம் நிலைத்தபின் எண்ணைப் படிக்க வேண்டும்.

ஏறும்போது 700 கிலோ காட்டியது. இறங்கும்போது 906.

பக்கத்தில் நின்ற பையன், “ஒரே எடைதானுங்களே, தராசு கெட்டுப்போச்சா?” என்று கேட்டான். தராசு சரியாகத்தான் இருந்தது. ஏறும்போது ரோப் டிரம்மை நோக்கி ஓடுகிறது, அதனால் இழுவை டிரம் பக்கம் கூடி முடிச்சு முனையில் குறைகிறது. இறங்கும்போது ரோப் திரும்பி ஓடுகிறது, உராய்வும் திசை மாறுகிறது. இப்போது முடிச்சு முனையில்தான் இழுவை அதிகம், டிரம் பக்கம்தான் லேசு. உராய்வே இல்லாத கப்பியாக இருந்தால் இரண்டு தடவையும் 800 காட்டியிருக்கும். 700-க்கும் 906-க்கும் உள்ள தூரம்தான் கப்பிகளின் உடல்நிலை.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, சுமையின் எடை தெரியாவிட்டாலும் விடை வந்துவிடும் என்பது. முடிச்சு முனைக்கும் நாலாவது ஃபாலுக்கும் இடையில் மூன்று கப்பி. ஏறும்போது அந்த முனை எல்லாவற்றிலும் லேசான ஃபால், இறங்கும்போது எல்லாவற்றிலும் இறுக்கமான ஃபால். அதனால் 906-ஐ 700-ஆல் வகுத்தால் மூன்று கப்பியின் பெருக்கம் சேர்ந்து வருகிறது: 1.294. அதன் முப்படி மூலம் எடுத்தால் ஒரு கப்பிக்கு 1.09. கையேடு புஷ் கப்பிக்குச் சொல்கிற அதே எண். இனி 700-ஐ ஐந்து தடவை 1.09-ஆல் பெருக்கினால் டிரம்மில் விழுகிற இழுவை வந்துவிடும். 1077 கிலோ.

800 என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் 1077. அதை மூன்றாவது அடுக்கின் ஆரத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் மோட்டார் தர வேண்டியது 38.8 நியூட்டன் மீட்டர். மோட்டாரிடம் இருப்பது 36.5. முதல் அடுக்கில் அதே இழுவைக்கு 32.6-தான், இரண்டாவதில் 35.7. கீழே நன்றாக ஏறுகிறது, மேலே போனால்தான் மக்கர் என்று அந்தத் தம்பி சொன்னது, எண்ணாக எழுதினால் இதுதான்.

38.8-க்கும் 36.5-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, அரை நிமிடம்கூட ஓடாத தூரத்துக்கு ரிலே ஏன் டிரிப் ஆக வேண்டும் என்று கேட்கலாம். ஓட்டத்தில் மட்டும் என்றால் ஆகியிருக்காது. தெர்மல் ரிலே இவ்வளவு சின்ன மிகையை வெகுநேரம் பொறுக்கும். ஆனால் உச்சியில் நடப்பது ஓட்டம் அல்ல, பொருத்தும் வேலை. போல்ட் துளை நேராக வருவதற்கு விரற்கடை மேலே, விரற்கடை கீழே என்று பட்டனைத் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பும் கணத்தில் முழுச் சுமைக் கரன்ட்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும். உலர்ந்த புஷ் நின்ற நிலையில் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். தூரத்திலிருந்து நீளமான கேபிளில் வருகிற வோல்டேஜ் அந்தக் கணத்தில் இன்னும் விழும். வோல்டேஜ் நூற்றுக்கு எண்பது ஆனால் மோட்டாரின் கிளம்பும் டார்க் நூற்றுக்கு அறுபத்து நாலாகிவிடும், ஏனென்றால் அது வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. எலக்ட்ரீஷியன் சொன்னதும் பொய்யில்லை. கப்பி நன்றாக இருந்திருந்தால் அந்த வோல்டேஜிலும் வேலை ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

ஆற்றலின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே விடைதான். உச்சியில் சுமை ஏறுகிற வேகத்துக்கு, உண்மையில் சுமையைத் தூக்கச் செலவாவது 3.7 கிலோவாட். டிரம் ரோப்புக்குக் கொடுப்பது 5 கிலோவாட். நடுவில் போன 1.3 கிலோவாட் ஐந்து கப்பிகளில் சூடாகிறது. சுமை இறங்கியதும் மேலே ஏறிப் பிளாக்கின் பின் முனையைத் தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியவில்லை.

பிளாக்கைக் கீழே இறக்கிப் பிரித்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பின்னின் தலையில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. ஆனால் பிளாக்குக்குப் பெயின்ட் அடித்தவர்கள் நிப்பிளின் வாயையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதன்பின் கிரீஸ் கன் வைத்த ஒவ்வொரு முறையும் கிரீஸ் வெளியே வழிந்திருக்கிறது, உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. வெளியே வழிந்த கிரீஸைப் பார்த்தவர்களுக்கு, நிறையப் போட்டிருக்கிறோம் என்ற திருப்தி. பின்னின் மேல்பக்கம், அதாவது சுமை அழுத்துகிற பக்கம், கோடு கோடாக உழுதிருந்தது. கிரீஸ் போகும் துளையில் கருப்பாகக் காய்ந்த மெழுகு. புஷ் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கப்பியைக் கையால் சுற்றிவிட்டால் அரைச் சுற்றுகூட ஓடாமல் நின்றது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பி சுற்றவே இல்லை என்றால் கதை இதைவிட மோசம். ரோப் நின்ற கப்பியின் மேல் அரை வட்டம் சறுக்கிக்கொண்டு போகும். இழுவை ஒரே கப்பியில் ஒன்றரை மடங்கைத் தொடலாம். அதற்கு அடையாளம் பள்ளத்தில் தெரியும். சுற்றுகிற கப்பியின் பள்ளம் வட்டம் முழுக்க ஒரே சீராக மினுங்கும். நின்றுபோன கப்பியில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தட்டையாகி, மறுபக்கம் துரு படிந்து கிடக்கும். இங்கே ஐந்தும் சீராக மினுங்கின. சுற்றின, ஆனால் கஷ்டப்பட்டுச் சுற்றின.

என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது ஆலையின் இன்ஜினீயர் ஆறு ஃபால் போடலாம் என்றார். நியாயமான யோசனைதான். போட்டுப் பார்த்தால், இதே புஷ் கப்பிகளோடு லீடு இழுவை 1077-லிருந்து 780 அளவுக்கு இறங்கும். சமமாகப் பங்கு போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். புதிதாகச் சேரும் இரண்டு கப்பியும் தங்கள் வரியை எடுத்துக்கொள்வதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் மோட்டாருக்குப் போதும். தடை வேறு இடத்தில் வந்தது. ஆறு ஃபாலுக்கு 90 மீட்டர் ரோப் டிரம்முக்கு வர வேண்டும். அது நாலாவது அடுக்கு. டிரம்மின் ஃபிளாஞ்ச் விட்டம் 300. நாலாவது அடுக்கு ஏறினால் ரோப்பின் முதுகுக்கு மேலே ஃபிளாஞ்ச் பத்து மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ரோப்பின் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது ஃபிளாஞ்ச் வெளியே நிற்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத அளவு. ஒரு சுற்று பிசகி ஃபிளாஞ்சைத் தாண்டி வெளியே விழுந்தால் மூன்று டன்னும் தொங்குகிற ரோப் தண்டில் போய்ச் சிக்கும். வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதை எந்தக் கப்பியாலும் ஈடுகட்ட முடியாது.

அதனால் ஃபால் நாலாகவே இருக்கட்டும், கப்பியை மாற்றுவோம் என்று முடிவானது. அதே பள்ளம், அதே விட்டம், உள்ளே ரோலர் பேரிங் வைத்த கப்பிகள் ஐந்து. புதுப் பின். நிப்பிளின் மேல் துணி சுற்றியபின்தான் பிளாக்குக்குப் பெயின்ட் அடிக்க விட்டேன்.

மாட்டியபின் அதே பெட்டியை ஏற்றி, முடிச்சு முனையில் தராசைப் பார்த்தோம். ஏறும்போது 754, இறங்கும்போது 848. வகுத்து முப்படி மூலம் எடுத்தால் 1.04. லீடில் 917 கிலோ. 800-ஐ இன்னும் தொடவில்லை, தொடவும் தொடாது. ஆனால் மூன்றாவது அடுக்கிலும் மோட்டாருக்குத் தேவை 33 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. உச்சியில் கரன்ட் 11-க்குள் நின்றது. ஸ்டாப்வாட்ச் மட்டும் மாறவில்லை. கீழே பத்து விநாடி, மேலே எட்டரை. கப்பியை மாற்றினால் வேகம் கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஃபால் மாறாமல், டிரம் மாறாமல் வேகம் மாறாது.

இன்னொன்றும் தானாகச் சரியானது. முன்பு வெறும் ஹூக் கீழே இறங்காது. வின்ச் ரோப்பை விட்டுக்கொடுக்கும், ஹூக் அப்படியே மேலே தொங்கும், டிரம்மில் ரோப் தளர்ந்து சுருள் விழும். அதற்காகப் பிளாக்கில் ஓர் இரும்புத் துண்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உராய்வுக்கும் லீடு ரோப்பின் சொந்த எடைக்கும் எதிராக வெறும் பிளாக்கின் எடை போதவில்லை என்பதுதான் காரணம். சுமையே இல்லாமல் கப்பிகளின் நிலையை அறிய இதைவிட மலிவான அடையாளம் கிடையாது. பேரிங் கப்பி வந்ததும் அந்த இரும்புத் துண்டைக் கழற்றிப் போட்டோம்.

ஆனால் சுமையை மேலே ஏற்றிப் பொருத்துகிற வேலையை உடனே தொடங்க விடவில்லை. ஃபோர்மேனுக்கு அவசரம். “எல்லாம் சரியாயிருச்சுங்களே” என்றார். சரியானதால்தான் நிறுத்தினேன். உராய்வு ஏறும்போது மோட்டாரை எதிர்க்கிறது. இறங்கும்போதும் நிற்கும்போதும் அதே உராய்வு பிரேக்குக்குக் கைகொடுக்கிறது. பழைய கப்பிகளோடு சுமை இறங்கும்போது டிரம் பக்கம் இருந்த இழுவை 589 கிலோ. புதுக் கப்பிகளோடு அது 697. இவ்வளவு நாள் கப்பிகளின் பிடிப்பும் சேர்ந்து நிறுத்தியதை இனி பிரேக் தனியாக நிறுத்த வேண்டும். பிரேக்குக்குக் கணக்குப் போடும்போது உராய்வே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்: முழு 800 கிலோ, மூன்றாவது அடுக்கின் ஆரம், மோட்டார் தண்டில் 24.5 நியூட்டன் மீட்டர். நான் அதற்கு ஒன்றரை மடங்கையாவது கேட்பேன், 37.

பிரேக் மூடியைத் திறந்தால் லைனிங் தேய்ந்து காற்று இடைவெளி அளவுக்கு மேல் அகன்றிருந்தது. ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றி மூன்று இடத்தில் பார்த்து இடைவெளியைச் சரிசெய்தோம். பெட்டியைத் தரையிலிருந்து ஒரு அடி மட்டும் தூக்கி நிறுத்தி, மோட்டாரின் ஃபேனிலும் கவசத்திலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோடு விலகவில்லை. பிறகு பாதி உயரத்திலிருந்து இறக்கி, நடுவில் பட்டனை விட்டோம். பெட்டி நாலு விரல் அளவு சறுக்கி நின்றது. அதே சோதனையை மூன்றாவது அடுக்கிலும் செய்தோம், ஏனென்றால் பிரேக்குக்கும் அங்கேதான் ஆரம் அதிகம். அங்கேயும் நின்றது. ரிலேயை 11-இல் வைத்து அதன் பெட்டிக்குச் சீல் போட்டுவிட்டு, மேலே பெட்டியை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.